மாச முடிவுக் களைப்பு எத்தனையாம் திகதி விடுகிறது?

கேள்வி: மட்டக்களப்பு டவுனில் ஒரு பைனான்ஸ் கம்பனியில நாலு வருசமா வேலை செய்றன். களுவாஞ்சிக்குடியில இருந்து காலமை ஏழு மணிக்கு பஸ் எடுத்தா, திரும்பி வீட்டுக்கு வர இரவு எட்டரை. சனிக்கிழமையும் அரைநாள். களைப்பு எல்லாருக்கும் இருக்கிறதுதானே எண்டு விட்டுட்டன். ஆனா எங்கட பிராஞ்சில ஒரு அக்கா போன வருசம் திடீரெண்டு ஏலாமப் போய் மூண்டு மாசம் வீட்டில இருந்தா. அப்பிடி விழுறதுக்கு முதலே எனக்கு எப்பிடித் தெரியும்?

பதில்:

எவ்வளவு களைப்பு என்று பார்க்காதீர்கள், அந்தக் களைப்பு போக எத்தனை நாள் எடுக்கிறது என்று பாருங்கள். கடினமாக உழைத்த உடம்பு களைக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு இரவு நன்றாகத் தூங்கி, ஒரு ஞாயிறு வீட்டில் இருந்தால் அது இறங்க வேண்டும். அப்படி இறங்காமல் போவதுதான் முதல் அறிகுறி. அந்த அக்காவுக்கும் அது திடீரென்று வந்திருக்காது. ஓய்வு எடுத்தும் பலன் இல்லாத மாதங்கள் சில அதற்கு முன்னால் போயிருக்கும். வெளியில் இருப்பவர்களுக்குக் கடைசி நாள்தான் கண்ணில் படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பேர்ன்அவுட்டுக்கு ஒரு வரையறை தந்தது. அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாட்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. அதற்கு மூன்று முகம்: சக்தி வற்றிப்போதல், வேலையில் இருந்து மனம் விலகி வெறுப்பும் ஏளனமும் வருதல், முன்பு செய்த அளவுக்குத் திறமையாகச் செய்ய முடியாமல் போதல். நம் ஆட்கள் முதலாவதை மட்டும் கவனிக்கிறார்கள், அதையும் 'வேலை கூட' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். மற்ற இரண்டும் சத்தம் இல்லாமல் வளர்கின்றன.

உங்கள் தொழிலில் இதை அளக்க இயல்பாகவே ஒரு அளவுகோல் இருக்கிறது, அதுதான் மாச முடிவு. 25ஆம் திகதியில் இருந்து டார்கெட், தவணை வசூல், ரிப்போர்ட் என்று ஏறி 31இல் உச்சிக்குப் போகும். பிறகு கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தில் நீங்கள் எத்தனையாம் திகதி பழைய ஆளாகிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சாதாரண கொப்பி போதும். காலையில் கண் விழித்து, போனைத் தொடுவதற்கு முன், களைப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். 0 என்றால் நல்ல தெளிவு, 10 என்றால் எழும்பவே ஏலாது. போனைப் பார்த்த பிறகு போட்டால் குரூப்பில் வந்த மெசேஜுக்குத்தான் எண் போடுவீர்கள், உடம்புக்கு அல்ல. பக்கத்தில் முதல் நாள் கந்தோரை விட்டு இறங்கிய நேரத்தையும், படுத்த பிறகு தூக்கம் வர ஏறத்தாழ எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் எழுதுங்கள். இது ஒரு நிமிட வேலை. இரவில் எழுதவே வேண்டாம். இரவில் எல்லாருக்கும் களைப்புத்தான், அந்த எண் எதையும் சொல்லாது.

12ஆம் திகதி முதல் 20 வரை வரும் எண்களின் நடுத்தரமான ஒன்றை உங்கள் அடிமட்டமாக எடுங்கள். காய்ச்சல் வந்த கிழமையை விட்டுவிடுங்கள். நோன்பு பிடிப்பவர்கள் ரமழான் மாதத்தை அடிமட்டத்துக்கு எடுக்கக் கூடாது. சஹருக்கு எழும்புவதால் தூக்கம் துண்டுபட்டு அந்த மாதத்து எண் இயல்பாகவே ஏறி நிற்கும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

இனி ஒரு உதாரணத்தை வைத்து இந்த எண்களை வாசிப்போம். லீசிங் பகுதியில் ஒரு கிரெடிட் ஒபிசர், அடிமட்டம் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முடிவில் 7க்குப் போகிறார், பெப்ரவரி 4ஆம் திகதி திரும்ப 3. அது ஆரோக்கியமான களைப்பு. பெப்ரவரி முடிவிலும் அதே 7தான், ஆனால் 3க்கு வர மார்ச் 9 ஆகிறது. உச்சி ஏறவில்லை, இறங்கத்தான் இரட்டிப்புக்கு மேல் நாள் எடுத்திருக்கிறது. மார்ச் 31 நிதியாண்டு முடிவு, 8. சித்திரை வருசத்துக்கு இரண்டு நாள் லீவு, சொந்தக்காரர் வீடு, கைவிசேஷம் எல்லாம் முடிந்து 17ஆம் திகதி பார்த்தால் 4. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. ஏப்ரல் முடிவில் மறுபடி 8. மே 20இல் 6. ஐந்து நாளில் அடுத்த மாச முடிவு தொடங்குகிறது. இப்போது அவருக்கு மாச முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, நடுவில் இளைப்பாறும் இடமே இல்லை.

இவர் உசாராக வேண்டிய நாள் மே 20 அல்ல, மார்ச் 9. ஆனால் அன்று அவருக்கு எண் 3, சுகமாகத்தான் இருந்திருப்பார். அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன். ஞாபகத்தை நம்பினால் 'போன மாசமும் இப்படித்தானே' என்று தோன்றும். நான்கு நாளுக்கும் ஒன்பது நாளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொப்பி மட்டும்தான் காட்டும். இரண்டு மாதம் தொடர்ந்து அந்தத் திகதி பின்னுக்குப் போனால், அல்லது அடிமட்டமே ஒரு படி ஏறி அங்கேயே நின்றால், அதை எச்சரிக்கையாக எடுங்கள்.

இளைப்பாற்றம் ஏன் வேலை செய்யாமல் போகிறது? வேலை நேரம் கூடுவது ஒரு காரணம். உங்களுக்கு எட்டு மணிக்கு உள்ளே போய் ஏழேகாலுக்கு இறங்குவதாக வைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல். சனி அரைநாளையும் சேர்த்தால் கிழமைக்கு 56 மணித்தியாலம் அளவில் வரும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் செய்பவர்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூட என்று கணித்தார்கள். நீங்கள் அந்தக் கோட்டில்தான் நிற்கிறீர்கள்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. உடம்பு வீட்டுக்கு வந்த பிறகும் மனம் கந்தோரில் இருப்பது. எட்டரைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்கு நிமிரும்போது குரூப்பில் 'நாளைக்கு எத்தனை கலெக்ஷன்?' என்று ஒரு மெசேஜ் வருகிறது. பதில் எழுத அரை நிமிடம்தான். ஆனால் தவணை கட்டாத ஆட்களின் பட்டியல் அதோடு தலைக்குள் ஓடத் தொடங்கி, படுத்த பிறகும் நிற்காது. இளைப்பாறுவதற்கு இருந்ததே ஒன்றரை மணித்தியாலம், அதுவும் போயிற்று. படுத்துத் தூக்கம் வர எடுக்கும் நேரம் இருபது நிமிடத்தில் இருந்து முக்கால் மணிக்கு நீண்டால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

அதோடு சேரும் ஒரு சின்ன விஷயம் பின்னேரத் தேத்தண்ணி. களைப்பைத் தாண்ட ஐந்தரைக்கு ஒரு பிளேன்டீ, ஆறரைக்கு இன்னொன்று என்று ஏறும். உடம்பில் போன கஃபீனில் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும், சிலருக்கு அதைவிடக் கூட. ஆறரைக்குக் குடித்ததில் பாதி, நீங்கள் படுக்கும்போதும் இருக்கிறது. தேத்தண்ணியின் எண்ணிக்கை கூடுவதையும் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கோப்பையை மூன்று மணிக்கு முன் வையுங்கள்.

இரண்டாவது முகத்தை, அதாவது மனம் விலகுவதை, உங்கள் சொந்த வாயிலேயே பிடிக்கலாம். ஆரம்பத்தில் நீங்கள் வாடிக்கையாளர்களைப் பெயரால் சொல்லியிருப்பீர்கள்: ஓட்டமாவடி ஓட்டோக்கார அண்ணன், செங்கலடியில் கடை வைத்திருக்கிற அக்கா. கொஞ்சம் கொஞ்சமாக அது 'அந்த மூண்டு மாசக்காரன்', 'அந்தக் கேஸ்' என்று மாறும். போன் அடிக்கும்போது எண்ணைப் பார்த்ததுமே எரிச்சல் வரும். ஒருவர் மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டிருப்பதால் தவணை பிந்துகிறது என்று சொல்லும்போது, முன்பு என்றால் 'என்ன சுகமில்லை?' என்று கேட்டிருப்பீர்கள். இப்போது வாய் கேட்பது 'எப்ப கட்டுவீங்க?' மட்டும்தான். இதைக் கெட்ட மனம் என்று நினைத்துக் குற்ற உணர்ச்சியில் விழாதீர்கள். வற்றிய மனம் தன்னைக் காக்க எடுக்கும் தூரம் அது. பொதுவாக இரக்கமானவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் பழைய பேச்சுக்கும் புதிய பேச்சுக்கும் இடைவெளி பெரிது. வீட்டில் உள்ளவர்களிடமோ பக்கத்து மேசைக்காரரிடமோ கேளுங்கள்: 'நான் ஆட்களைப் பற்றிக் கதைக்கிற விதம் மாறியிருக்கா?' அவர்கள் உங்களுக்கு முன்பே கவனித்திருப்பார்கள்.

மூன்றாவது முகம் கணக்கில் தெரியும். பின்னேரம் காசுக் கணக்கு இடிக்கிறது, 900 ரூபாய் வித்தியாசம் என்று வையுங்கள். 900 ஒன்பதால் பிரிபடும். வித்தியாசம் ஒன்பதால் பிரிபட்டால் இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் தேடுவது கணக்கு வேலையில் பழைய வழக்கம்: 5,400க்குப் பதில் 4,500. இந்தப் பிழை அறியாமையால் வருவதல்ல. கண் பார்க்கிறது, மனம் பிடிக்கவில்லை. மாதம் ஒன்று வந்தால் எல்லாருக்கும் வருவதுதான். கிழமைக்கு இரண்டு மூன்று, அதுவும் காலை பத்து மணிக்கே வந்தால், தூக்கம் கவனத்தை மீட்கவில்லை என்று அர்த்தம். ஒரே கடிதத்தை மூன்று தரம் வாசிப்பதும், ஐந்து நிமிடத்தில் முடியும் பைலை நான்கு நாளாக மேசை ஓரத்திலேயே வைத்திருப்பதும் இதே சாதி. இதில் ஒரு சுழல் இருக்கிறது. பிழை வந்ததும் பயத்தில் எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்ப்பீர்கள், அதனால் கந்தோரை விட்டு இறங்க இன்னும் பிந்தும், அடுத்த நாள் இன்னும் பிழை வரும். கொப்பியில் இறங்கிய நேரம் பிந்திக்கொண்டே போய், வேலை அளவு அப்படியே இருந்தால், இந்தச் சுழலுக்குள் இருக்கிறீர்கள்.

எல்லாக் களைப்பையும் வேலையின் தலையில் போட்டுவிடவும் கூடாது. இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, சீனி, டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பிந்திய சோர்வு எல்லாம் அச்சொட்டாக இப்படித்தான் தெரியும். ஒரு முழு இரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றில் சீனி, தைரொயிட்டுக்கு டி.எஸ்.எச். மூன்றையும் ஒரே தரத்தில் செய்துவிடலாம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழும், ஆணுக்கு 13க்குக் கீழும் இருந்தால் இரத்தச்சோகை. அதற்கு மருந்து வேண்டும், லீவு எடுத்தால் தீராது.

மனச்சோர்வு நோயையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பேர்ன்அவுட்டின் ஆரம்பத்தில் வேலையில் மட்டும்தான் மனம் செத்திருக்கும். மாமாங்கத் திருவிழாவுக்குப் போனாலோ, கல்லடிக் கடற்கரையில் பிள்ளைகளோடு பின்னேரம் இருந்தாலோ கொஞ்சமாவது மலரும். எதிலும் மலர்ச்சி இல்லாமல், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே, இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் அது வேறு. அதற்குக் கொப்பி எழுதிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரே போகக் கூச்சமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே அழையுங்கள். நெஞ்சு வலியை 'டென்ஷன்' என்று தள்ளிவிடாதீர்கள், அதற்கு 1990 அம்புலன்ஸ்.

அறிகுறி ஆரம்பத்திலேயே பிடிபட்டால் செய்ய வேண்டியது பெரிதல்ல, ஆனால் இடம் பார்த்துச் செய்ய வேண்டும். மாச முடிவைக் குறைக்க உங்களால் முடியாது. அதற்குப் பிந்திய நாட்களைக் காப்பாற்ற முடியும். 1ஆம் திகதியில் இருந்து 5 வரை ஐந்தரைக்கே கந்தோரை விட்டு இறங்கும்படி முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த ஐந்து நாளும் இரவு எட்டரைக்குப் பின் குரூப்பை மியூட்டில் போடுங்கள், அவசரம் என்றால் அழைக்கச் சொல்லுங்கள். மெசேஜ் அனுப்ப யோசிக்காதவர்கள் அழைக்க யோசிப்பார்கள், அதிலேயே பாதி குறையும்.

இந்த இடத்தில் பலர் செய்யும் பிழை, ஞாயிறு பதினொரு மணி வரை படுத்துக் கிடப்பது. அன்று இரவு தூக்கம் பிந்தும், திங்கள் காலை எண் இன்னும் ஏறும், 'ஓய்வெடுத்தும் சரிவரவில்லை' என்று மனம் சோரும். வழமையான நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் மட்டும் கூடப் படுங்கள். மிச்சக் களைப்புக்கு மதியத்தில் இருபது நிமிடம் கண்ணயருங்கள்.

லீவைத் துண்டு துண்டாக எடுப்பது இன்னொரு பிழை. கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வருடாந்த லீவு 14 நாள், அதில் குறைந்தது 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்க இடம் இருக்கிறது. நம் கந்தோர்களில் அதைக் கலியாண வீட்டுக்கு ஒன்று, பாங்க் வேலைக்கு ஒன்று என்று கரைத்துவிடுகிறோம். அந்த ஏழையும் ஒன்றாக எடுத்தால் முதல் இரண்டு மூன்று நாள் மனம் கந்தோரில்தான் இருக்கும், அதன் பிறகுதான் இறங்கத் தொடங்கும். ஒற்றை நாள் லீவு இறங்கத் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அதே சட்டம் கிழமைக்கு 45 மணித்தியாலம் என்றும், அதற்கு மேல் ஓவர்டைம் 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டையும் கூட்டினால் 57. அதாவது சட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டு 55ஐத் தாண்டிவிடலாம். ஆகவே 'சட்டப்படிதான் நடக்குது' என்பது உடம்புக்குப் போதுமான பதில் இல்லை. ஆனால் நீங்கள் 57ஐத் தாண்டினால் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கொப்பியில் உள்ள நேரக் குறிப்பு அங்கே கைகொடுக்கும்.

மெனேஜரோடு கதைக்கும்போது 'ஏலாது சேர், களைப்பா இருக்கு' என்று தொடங்காதீர்கள். அவருக்கும் களைப்புத்தான், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'சேர், போன ரெண்டு மாசமா நான் ஏழேகாலுக்குப் பிறகுதான் இறங்குறன். பின்னேரம் போடுற வவுச்சரிலதான் பிழை கூட வருது. முதலாம் கிழமை மட்டும் ஐந்தரைக்கு இறங்கி, அந்த ரிப்போர்ட்டைக் காலமை எட்டு மணிக்குத் தாறன்.' இதில் அவருக்கு விளங்கும் மூன்றும் இருக்கின்றன: நேரம், பிழை, மாற்று வழி. கேட்கும் நாளும் முக்கியம். 28ஆம் திகதி எந்த மெனேஜரும் காது கொடுக்க மாட்டார், 8ஆம் திகதி பின்னேரம் கொடுப்பார்.

இவ்வளவும் செய்து இரண்டு மாச முடிவைக் கடந்து பாருங்கள். பழைய ஆளாகும் திகதி ஒன்பதில் இருந்து ஆறுக்கோ ஐந்துக்கோ முன்னுக்கு வந்தால் வழி சரி, அப்படியே தொடருங்கள். அது அசையாமல் நின்றால் கோளாறு உங்கள் தூக்கத்திலோ பழக்கத்திலோ இல்லை, அந்த இருக்கையின் வேலை அளவில் இருக்கிறது. இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருவர் செய்யும் இடத்தில் எந்த ஓய்வும் போதாது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கிளைக்கு மாற்றம் கேட்பதா, வசூலில் இருந்து உள்வேலைக்கு மாறுவதா, வேறு இடம் பார்ப்பதா என்று அப்போது யோசியுங்கள். அந்த முடிவையும் 30ஆம் திகதி கோபத்தில் எடுக்க வேண்டாம். கொப்பியில் எண் மிகத் தாழ்ந்து நிற்கும் ஒரு காலையில், 12க்கும் 20க்கும் இடையில், கடிதத்தை எழுதுங்கள்.